2026–27 பட்ஜெட்டுடன் இணைக்கும் மாதவாரிப் பண வரவு–செலவுக் கணிப்பு
(நீடாமங்கலம் உரக்கடை, அண்ணன் பார்வைக்கு)

அண்ணா, போன வாரம் நாம் முடித்த பட்ஜெட் சரியாகத்தான் இருக்கிறது. விற்பனை 72 லட்சம், கொள்முதல் 60 லட்சம். வாடகை, கூலி, போனஸ், சில்லறைச் செலவு எல்லாம் போக, வட்டிக்கு முன் 6 லட்சத்துச் சொச்சம் லாபம். ஆனால் அது வருஷக் கணக்கு. எந்த மாதம் கையில் பணம் இருக்கும், எந்த மாதம் இருக்காது என்பது அதில் தெரியாது. நம் தொழிலில் அதுதான் முக்கியம் என்பதால் இந்தத் தாளைத் தனியாகப் போட்டிருக்கிறேன். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

விற்றதை வரவாக எழுதவில்லை. பணம் கைக்கு வரும் மாதத்தில் வரவு, கையை விட்டுப் போகும் மாதத்தில் செலவு. பேரேட்டைப் பார்த்தால் நூறு ரூபாய் விற்பனையில் நாற்பதுதான் ரொக்கம், அறுபது கடன். குறுவைக் கடன் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் வந்துவிடும். சம்பாக் கடன் அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் வரும். போன சம்பா பாக்கி 9 லட்சத்தில் 8 லட்சம் வரும் என்று வைத்திருக்கிறேன். மீதி ஒன்றை நம்ப வேண்டாம்.

செலவுப் பக்கம் மாதா மாதம் 90,000 நிற்கிறது: வாடகை 15,000, இரண்டு பேர் சம்பளம் 24,000, மின்சாரம், ஏற்று–இறக்குக் கூலி முதலியவை 8,000, வேன் கடன் தவணை 18,000, நம் வீட்டுக்கு 25,000. கடைசி இரண்டும் பட்ஜெட்டில் செலவாக வரவில்லை, ஆனால் கல்லாவிலிருந்துதான் போகின்றன. தீபாவளி போனஸ் 30,000 நவம்பரில் சேர்ந்திருக்கிறது.

எல்லாம் லட்ச ரூபாயில்:

| மாதம் | ரொக்க விற்பனை | கடன் வசூல் | கொள்முதலுக்கு | மற்ற செலவு | மாதக் கடைசி இருப்பு |
|---|---|---|---|---|---|
| தொடக்க இருப்பு | | | | | 1.5 |
| ஏப்ரல் | 0.8 | 4.0 | 1.5 | 0.9 | 3.9 |
| மே | 1.2 | 3.0 | 4.0 | 0.9 | 3.2 |
| ஜூன் | 3.2 | 1.0 | 5.5 | 0.9 | 1.0 |
| ஜூலை | 3.2 | 0 | 6.0 | 0.9 | −2.7 |
| ஆகஸ்ட் | 3.6 | 0 | 7.0 | 0.9 | −7.0 |
| செப்டம்பர் | 3.6 | 3.0 | 8.5 | 0.9 | −9.8 |
| அக்டோபர் | 4.8 | 6.0 | 9.5 | 0.9 | −9.4 |
| நவம்பர் | 4.0 | 2.5 | 7.0 | 1.2 | −11.1 |
| டிசம்பர் | 2.0 | 0 | 5.0 | 0.9 | −15.0 |
| ஜனவரி | 1.2 | 3.0 | 3.0 | 0.9 | −14.7 |
| பிப்ரவரி | 0.8 | 12.0 | 2.0 | 0.9 | −4.8 |
| மார்ச் | 0.4 | 8.0 | 1.0 | 0.9 | 1.7 |

கணினியில் தலைப்பு முதல் வரிசை, தொடக்க இருப்பு இரண்டாவது. ஏப்ரல் இருப்புக்கு F3-இல் போட்டிருப்பது இதுதான், கீழே இழுத்தால் மற்ற மாதங்களும் வந்துவிடும்:

```
=F2+B3+C3-D3-E3
```

வருஷத் தொடக்கத்தில் ஒன்றரை, முடிவில் ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு முனையை மட்டும் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நடுவில் ஜூலை தொடங்கி எட்டு மாதம் கணக்கு கீழேயே இருக்கிறது. வங்கியில் நம் சிசி வரம்பு 6 லட்சம். ஆகஸ்டிலேயே அதைத் தாண்டுகிறோம். டிசம்பரில் 9 லட்சம் துண்டு விழுகிறது. சம்பாவுக்கு மேலுரம் இடும் சமயத்தில் கடையில் மூட்டை இல்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார், பழைய பாக்கியும் அவரோடு போய்விடும்.

இந்தப் பள்ளத்துக்கு வட்டியும் உண்டு, அட்டவணையில் அதைச் சேர்க்கவில்லை. 11 சதவீதம் என்று வைத்தாலே முழுப் பள்ளத்துக்கும் சுமார் 68,000 ரூபாய். யூரியாவில் இதை ஏற்றி விற்கவும் வழியில்லை: 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்பது அரசு நிர்ணயித்த விலை. யூரியாவைக் கடனுக்குக் கொடுப்பது என்றால் நம் வட்டியை நாமே கட்டுகிறோம் என்றுதான் பொருள்.

நான் சொல்வது மூன்று. முதலாவது, ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ரொக்கப் பங்கை 40-லிருந்து 50 ஆக்குவது. அந்த ஐந்து மாத விற்பனை 45 லட்சம், ஆகவே டிசம்பருக்குள் 4.5 லட்சம் கூடுதலாகக் கையில் நிற்கும். யூரியா ரொக்கத்துக்கு மட்டும், பூச்சி மருந்துக்குக் கடன் என்று பிரித்தால் யாரையும் முகம் சுளிக்க வைக்காமல் செய்யலாம். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் எடுப்பவர்களுக்கு அங்கேயே உரம் கிடைக்கிறது. நம்மிடம் கடன் கேட்பவர்களில் பலர் சிட்டா அடங்கல் தங்கள் பெயரில் இல்லாத குத்தகைக்காரர்கள். அவர்களை வெட்டிவிட எனக்கு மனமில்லை. ஆளுக்கு ஏக்கர் கணக்கில் உச்சவரம்பு வைத்துக் கொடுப்போம்.

இரண்டாவது, மருந்துக் கம்பெனி விநியோகஸ்தரிடம் நவம்பர், டிசம்பர் பில்களில் ஒன்றரை ஒன்றரையாக 3 லட்சத்தை பிப்ரவரிக்குத் தள்ளக் கேட்பது. சீசன் உச்சத்தில் கேட்டால் கிடைக்காது. ஜூனில், நாம் ஆர்டர் கொடுக்கும்போதே பேச வேண்டும்.

மூன்றாவது, சிசி வரம்பை 6-லிருந்து 9 லட்சமாக உயர்த்துவது. முதல் இரண்டையும் செய்தால் டிசம்பர் பள்ளம் 15-லிருந்து 7.5 ஆகிறது. அப்போது ஆழமான மாதம் செப்டம்பர், 8 லட்சம். 9 இருந்தால் ஒரு லட்சம் இடைவெளி. இந்த விண்ணப்பம் மே மாதமே போக வேண்டும். கணக்கில் 3.2 லட்சம் இருக்கும்போது மேலாளர் முன்னால் உட்காருவதும், ஆகஸ்டில் வரம்பு தாண்டிய பிறகு உட்காருவதும் ஒன்றல்ல.

தண்ணீரும் மழையும் இந்தக் கணக்கை மாற்றும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கும் என்றே ஜூன், ஜூலை விற்பனையைப் போட்டிருக்கிறேன். பம்புசெட் உள்ளவர்கள் எப்படியும் நடுவார்கள், மற்றவர்கள் அணையைப் பார்த்துத்தான் நாற்று விடுவார்கள். அதனால் மே மாத 4 லட்சக் கொள்முதலில் பாதியை அணை திறப்பு அறிவிப்பு வரும்வரை நிறுத்தி வைக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை இதைவிடப் பெரிய கவலை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதலென்று நெல் காத்துக்கிடந்து, பிப்ரவரி வசூலில் 6 லட்சம் மார்ச்சுக்குத் தள்ளினால் இந்த அட்டவணைப்படி பிப்ரவரி கடைசி இருப்பு −10.8 ஆகும், அவ்வளவுதான். கதிர் சாய்ந்து விளைச்சலே போனால் விஷயம் வேறு. சம்பா வசூல் 23 லட்சத்தில் கால் பங்கு வராவிட்டால் மார்ச் முடிவு 1.7 அல்ல, −4. ஆகவே நவம்பர் இருபதுக்கு மேல் கடன் கொடுக்கும்போது ஊர் ஊராக வயல் நிலவரம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி முடிந்த மாதத்தின் உண்மை எண்ணை எழுதி, மீதி மாதங்களைத் திருத்தி உங்களுக்குத் தருகிறேன். கணிப்புக்கும் நடப்புக்கும் 50,000-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுவோம். உளுந்துப் பணத்தை இதில் தனியாகக் காட்டவில்லை. சம்பாவுக்குப் பின் தெளித்தவர்கள் மார்ச், ஏப்ரலில் விற்றுக் கட்டுவது வசூல் வரிசைக்குள்ளேயே இருக்கிறது.

வங்கிக்குக் கொடுக்க இந்த அட்டவணையும், மூன்று வருஷக் கணக்கும், இருப்பு விவரமும் தயாராக வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் ஒரு நாள் சொல்லுங்கள், சேர்ந்தே போய்வருவோம்.

உங்கள் தங்கை