யாழினிக்குக் காது குத்து: எல்லோரும் வரணும்

பெரியவர்களுக்கு வணக்கம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆபீஸ் தோழர்கள், கல்லூரிக் கூட்டாளிகள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த அழைப்பு. தனித்தனியாக எழுதினால் யாராவது விட்டுப்போய்விடுவார்கள் என்று நந்தினிக்குப் பயம்.

எங்கள் மகள் யாழினிக்கு 11 மாதம் ஆகிறது. முடி எடுத்துக் காது குத்த நாள் பார்த்துவிட்டோம்.

நாள்: 2026 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை
இடம்: மதுரை அழகர்கோவில், பதினெட்டாம்படி கருப்பசாமி சன்னதி
மொட்டை: காலை 6.45
காது குத்து: காலை 7.30 முதல் 8.30க்குள்
மதிய விருந்து: 12 மணியிலிருந்து, அப்பன்திருப்பதியில் எங்கள் பெரியப்பா தோப்பில்

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவோம். மாமன் பெங்களூரிலிருந்து தோட்டோடு வருகிறான். ஊசி பார்த்தால் மயங்குகிற ஆள், அதனால் அவனைப் பிடித்துக்கொள்ளவும் இரண்டு பேர் வேண்டும்! முதல்முறை வருகிறவர்களுக்கு ஒன்று: இங்கே கருப்பசாமிக்குச் சிலை கிடையாது. பெரிய கதவுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, அதையே சாமியாகக் கும்பிடுவோம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும் தயங்காமல் வாருங்கள், வேடிக்கை பார்த்தாலே போதும்.

தோப்பில் கறி விருந்து. சைவக்காரர்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பந்தி. சின்னப் பிள்ளைகளுக்குக் காரமில்லாமல் பருப்பும் நெய்யும் இருக்கும். அழகர்கோவில் தோசை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். குரங்குகள் அதிகம், பழப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க வேண்டாம்.

மாட்டுத்தாவணி பேருந்து நிலைய வாசலிலிருந்து காலை 5.45க்கு ஒரு வேன் கிளம்பும். சொந்தமாக வருகிறவர்கள் 6.30க்குள் கோவில் வாசலுக்கு வந்துவிட்டால் நல்லது. அவ்வளவு காலையில் முடியாத ஆபீஸ் நண்பர்கள் நேரே தோப்புக்கு வந்தாலும் சந்தோஷம்தான், கோபித்துக்கொள்ள மாட்டோம். மறுநாள் குடியரசு தின விடுமுறை என்பதால் வெளியூர்க்காரர்கள் அவசரமாகத் திரும்ப வேண்டியதில்லை.

மொய் நோட்டு போடவில்லை. மாமன் சீர் மட்டும் முறைப்படி நடக்கும், மற்றவர்கள் வெறுங்கையோடு வந்து பிள்ளையை வாழ்த்தினால் போதும். அத்தைமார் இதில் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும், நேரில் பேசிக்கொள்வோம்.

சமையல்காரர் கணக்குக் கேட்கிறார். அதனால் ஜனவரி 18 ஞாயிறு இரவுக்குள் எனக்கோ நந்தினிக்கோ தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள்: பெரியவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர், சைவமா அசைவமா, வேனில் இடம் வேண்டுமா, சனிக்கிழமை இரவு தங்க அறை வேண்டுமா. குரூப்பில் கட்டைவிரல் மட்டும் காட்டினால் எத்தனை இலை போடுவது என்று எங்களுக்குப் புரியாது. வர முடியாதவர்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரியப்பா, சித்தப்பா வீடுகளுக்கு நாங்களே வெற்றிலை பாக்கோடு நேரில் வருகிறோம், இதை வைத்து முடித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

அன்புடன்,
கார்த்திக் – நந்தினி