கன்னடம் 'கட்டாயம்' என்பது எந்த அளவுக்குக் கட்டாயம்?

வணக்கம் மேடம்,

செவ்வாய்க்கிழமை போனில் பேசினோமே, கர்நாடகக் கிளைகளுக்கான கஸ்டமர் சர்வீஸ் ஆபீசர் வேலை, அது சம்பந்தமாகத்தான் எழுதுகிறேன். 'கன்னடம் தெரியுமா' என்று கேட்டீர்கள், 'தெரியும்' என்றேன், நீங்களும் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. நீங்கள் அனுப்பிய விவரத்தில் மேலே 'கன்னடம் சரளமாகப் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும், கட்டாயம்' என்று இருக்கிறது. அதே பக்கத்தில் கீழே வந்தால் 'உள்ளூர் மொழி தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை'. கட்டாயம் என்று சொல்லிவிட்ட பிறகு முன்னுரிமை எதற்கு? இரண்டில் எது நிஜம் என்று வங்கித் தரப்பில் கேட்டுச் சொல்ல முடியுமா?

என் கன்னடம் எந்த அளவு என்று சொல்லிவிடுகிறேன். டிகிரி மூன்று வருடமும் மைசூரில், ஹாஸ்டலில் அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் மண்டியாப் பக்கம், அவர்களோடு பேசிப் பேசித்தான் வந்தது. சாதாரணமாகப் பேசுவேன், எதிரே இருப்பவர் வேகமாகப் பேசினாலும் புரியும். தமிழ் தெரிந்தவனுக்குப் பாதி வார்த்தை சொந்தக்காரன் மாதிரிதான், பணம் அங்கே ஹண, பால் ஹாலு. ஆனால் படிப்பது எழுத்துக் கூட்டித்தான், பஸ் போர்டு படிக்கிற வேகம். எழுதச் சொன்னால் என் பேரை எழுதுவேன், அவ்வளவுதான். 'சரளம்' என்ற வார்த்தைக்கு இது போதுமா என்பதுதான் என் கேள்வி.

விதியே தேவையில்லை என்று வாதாட வரவில்லை. நாலு வருஷமாக ஈரோட்டில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் கவுண்டரில் உட்காருகிறேன், மொழி எங்கே கழுத்தைப் பிடிக்கும் என்று கண்ணால் பார்த்தவன். எங்களிடம் வெளிமாநிலத்திலிருந்து ஒரு பையன் மாற்றலாகி வந்தான், நல்ல பையன், வேலையில் சூட்டிகை. 'வாங்க, உட்காருங்க, ஐந்து நிமிஷம்' எல்லாம் ஒரே மாதத்தில் பழகிக்கொண்டான். ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் எப்.டி. ரசீதைக் கொண்டுவந்து 'இதைப் பொண்ணு பேருல போட்டுடுங்க தம்பி' என்றார். அவன் அதை, டெபாசிட்டை உடைத்து மகள் பேரில் புதிதாகப் போடச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே முடிக்கும் படிவத்தை நீட்டி, எங்கே கையெழுத்து என்று புள்ளியும் வைத்துவிட்டான். அந்த அம்மாவுக்கு வேண்டியது நாமினி பேர் சேர்ப்பது, அவ்வளவே. பக்கத்து சீட்டில் இருந்ததால் என் காதில் விழுந்து நிறுத்தினேன், இல்லையென்றால் வட்டியில் பிடித்தம் வேறு போயிருக்கும். அவனுக்கு வார்த்தைகள் எல்லாம் தெரியும். 'பேருல போடுங்க' என்று ஒரு கிழவி சொன்னால் அதற்கு நாலு அர்த்தம் இருக்கிறது, எது என்று திருப்பிக் கேட்கத்தான் தெரியவில்லை. அவன் இடத்தில் நாளைக்கு நான் உட்காரப் போகிறேன், அதுதான் இந்தக் கேள்வியே. பட்டி என்றால் வட்டி, சால என்றால் கடன், சஹி என்றால் கையெழுத்து, இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே அந்த மாதிரி ஒரு அம்மா என்ன சொல்லி நாமினி கேட்பார் என்பது இன்னும் தெரியாது. சில வாரம் கவுண்டரில் உட்கார்ந்தால் வந்துவிடும் என்று நம்புகிறேன், வங்கி அந்த அவகாசம் கொடுக்குமா?

அடுத்தது எந்தக் கிளை. விவரத்தில் பெங்களூரு ஒயிட்ஃபீல்ட், மண்டியா என்று இரண்டு ஊர் போட்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே விதியை எழுதியிருந்தாலும் வேலை ஒன்றாக இருக்காது. ஒயிட்ஃபீல்டில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள், சம்பளக் கணக்கு, ஆங்கிலத்திலேயே ஓட்டிவிடலாம் (ஓட்டலாம் என்பதற்காக ஓட்ட வேண்டும் என்றில்லை, அது வேறு விஷயம்). மண்டியாவில் கரும்புப் பணம், பயிர்க்கடன் என்று வருகிறவர்களிடம் ஆங்கிலம் பேசினால் அடுத்த தடவை வேறு வங்கிக்குப் போய்விடுவார்கள், போகவும் வேண்டும். என் பெயரை எந்தக் கிளைக்கு அனுப்பியிருக்கிறீர்கள்?

எனக்கு உண்மையில் பயம் எழுத்தில்தான். கணக்குத் தொடங்கும் படிவம், செலான், பாஸ்புக் எல்லாம் ஆங்கிலம், இந்தி, மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதனால் அச்சடித்ததை நான் ஆங்கிலத்தில் பார்த்துக்கொள்வேன். ஆனால் காசோலையை வாடிக்கையாளர் மாநில மொழியிலும் எழுதலாம். தொகையைக் கன்னடத்தில் எழுதிக் கொண்டுவந்தால், எழுத்தில் இருப்பதும் எண்ணில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துப் பாஸ் செய்ய வேண்டியது கவுண்டரில் இருப்பவன் பொறுப்பு. அங்கே எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் வரிசை வாசல் வரை போய்விடும். அதனால் நேராகக் கேட்கிறேன்: இந்த சீட்டில் காசோலை, கையால் எழுதின கடிதம், புகார் எல்லாம் வருமா, அல்லது விசாரணை, கணக்குத் தொடங்குதல் மட்டுமா? இரண்டாவது என்றால் இப்போதே சமாளிப்பேன். முதலாவது என்றால் படிப்பில் வேகம் பிடிக்க இரண்டு மாதம் வேண்டும். நோட்டீஸ் காலமே அறுபது நாள் என்பதால் அதற்குள் உட்கார்ந்து கற்றுக்கொள்வேன், ஆனால் வேலை உறுதி என்று தெரிந்தால்தான் மனசு வரும்.

தேர்வு ஏதாவது உண்டா என்பதையும் சொல்லுங்கள். ஸ்டேட் பாங்க் கிளார்க் வேலைக்கெல்லாம் இது தெளிவு, பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ அந்த மொழியைப் படித்த மதிப்பெண் பட்டியல் இருந்தால் விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் மொழித் தேர்வு. தனியார் வங்கியில் யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று வெளியே தெரிவதில்லை. என்னிடம் கன்னடம் படித்த சான்றிதழ் கிடையாது. சான்றிதழ்தான் வேண்டும் என்றால் இப்போதே என் பெயரை எடுத்துவிடுங்கள், ஒன்றும் வருத்தமில்லை, உங்கள் நேரமும் மிச்சம். பேசிப் பார்த்து முடிவு செய்வார்கள் என்றால் கிளை மேலாளரையே பத்து நிமிடம் கன்னடத்தில் என்னிடம் பேசச் சொல்லுங்கள், கோபமாக வந்த வாடிக்கையாளர் மாதிரியே பேசட்டும், அப்போது தெரிந்துவிடும்.

அப்புறம், உங்கள் படிவத்தில் 'சரளம்' என்று ஏற்கெனவே ஏற்றியிருந்தால் 'பேச்சு நன்றாக, படிப்பு சுமார், எழுத்து இல்லை' என்று திருத்திவிடுங்கள். நேர்முகத்தில் கன்னடக் கடிதம் ஒன்றை எடுத்து நீட்டி, நான் விழிப்பதை விட இது மேல்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் தெரிந்தால் நல்லது, இங்கே மாற்றல் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, அதற்கு ஆமா இல்லை சொல்ல வேண்டும். கவுண்டர் நேரத்தில் போன் எடுக்க முடியாது, மாலை ஐந்தரைக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.