நாகமலை புதுக்கோட்டை வீட்டு வேலை: பிளானில் வந்த மாற்றங்கள் குறித்து

நாகமலை புதுக்கோட்டை, மதுரை
9.10.2025, வியாழன்

மதிப்பிற்குரிய காண்ட்ராக்டர் அண்ணனுக்கு,

வணக்கம். நேற்று முன்தினம் சாயங்காலம் சைட்டில் பேசியதை எழுத்தில் வைத்துக்கொள்வது நம் இரண்டு பேருக்கும் நல்லது என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் வேலையில் எனக்குக் குறை இல்லை. கட்டு வேலை நூல் பிடித்த மாதிரி வந்திருக்கிறது, பார்க்க வந்த என் சித்தப்பாவே சொன்னார். ஆனால் லிண்டல் மட்டத்துக்கு வருவதற்குள் பிளானில் நான்கு இடம் மாறியிருக்கிறது. அதில் இரண்டு நான் கேட்டது, இரண்டு நான் கேட்காதது.

முதலில் தூண் விஷயம். ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவில் பிளானில் சி-5 என்று ஒரு தூண் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஹால் விசாலமாக இருக்கும் என்று போன மாதம் போனில் சொன்னீர்கள். நான் "பார்க்கலாம்ணே" என்றேன். தப்பு என் மேலும் இருக்கிறது. வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நம்ம ஊரில் "பார்க்கலாம்" என்றால் பாதிப் பேர் சரி என்றும் பாதிப் பேர் முடியாது என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் மற்றத் தூண்கள் எல்லாம் ஏழடி ஏறி நிற்கின்றன, சி-5 மட்டும் பிளிந்த் மட்டத்தோடு நிற்கிறது. மேலே நீட்டியிருந்த நான்கு 12 எம்.எம். கம்பிகளையும் தரையோடு மடக்கி, மேலே சிமெண்டு சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். சாக்கில் கால் தடுக்கித்தான் எனக்கே தெரிந்தது.

இன்ஜினியரிடம் பிளானைக் காட்டிக் கேட்டேன். அந்தத் தூண் இல்லாவிட்டால் பீம் 21 அடி ஒரே தாவாகப் போகும். நமக்குப் பிளானில் இருப்பது 9 அங்குல அகலம், 12 அங்குல ஆழம் கொண்ட பீம். 21 அடிக்கு அது போதவே போதாது, ஆழம் குறைந்தது 18 அங்குலமாவது வேண்டும், கம்பிக் கணக்கும் மாறும் என்றார். அதோடு முடியவில்லை. நடுத்தூண் தாங்க வேண்டிய பாரம் இரண்டு ஓரத்துத் தூண்களுக்குப் போகும். அவற்றின் ஃபுட்டிங் நாலுக்கு நாலு என்று எப்போதோ கான்கிரீட் போட்டு மண் மூடியாகிவிட்டது. பின்னால் மாடி எடுக்கும் எண்ணமும் எங்களுக்கு உண்டு. ஆகவே தூண் இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் தாத்தா வீட்டு முற்றத்தில் தூணில் சாய்ந்துதான் எல்லா வழக்கும் பேசி முடிப்பார்கள், எங்களுக்கும் சாய ஒரு இடம் ஆச்சு.

மடக்கிய கம்பிகளைப் பைப்பைச் சொருகி நிமிர்த்திவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். தயவுசெய்து யாரும் கை வைக்க வேண்டாம். மடக்கி நிமிர்த்திய இடத்தில் கம்பி பலம் இழந்திருக்கலாம், வெடிப்பும் விட்டிருக்கலாம். இன்ஜினியர் நேரில் பார்த்து, அதே கம்பி போதுமா, துளை போட்டுப் புதுக் கம்பி இறக்க வேண்டுமா என்று சொல்வார். எதுவானாலும் அந்தச் செலவை என் கணக்கில் எழுதாதீர்கள். சி-5 மேலே ஏறிக் கான்கிரீட் ஆகும்வரை ஹால் பக்கம் சென்ட்ரிங் பலகை ஏற்ற வேண்டாம்.

அடுத்தது மாடிப்படி. பிளானில் படி வடமேற்கில், கட்டட எல்லைக்குள். என் மச்சினன் ஞாயிற்றுக்கிழமை சைட்டுக்கு வந்து, கன்னி மூலையில் படி இருந்தால்தான் நல்லது என்று சொன்னதை நம்பித் தெற்குப் பக்கம் இரண்டு குழி எடுத்துவிட்டீர்கள். அவர் சொன்னது பிரியத்தில்தான், ஆனால் அவருக்கும் பிளானுக்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பக்கம் பக்கவாட்டு இடைவெளியாக நாம் காட்டியிருப்பது மூன்றரை அடி. அதில் மூன்றடிப் படியை வைத்தால் மிச்சம் அரையடி. நாம் அனுமதி வாங்கியது சுயசான்று முறையில். பிளான்படிதான் கட்டுவேன் என்று உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். நாளைக்கு யாராவது வந்து டேப் பிடித்தால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். கூரை மட்டத்தில் பணம் விடுவதற்கு முன் பேங்க் இன்ஜினியரும் பிளானைக் கையில் வைத்துக்கொண்டுதான் சுற்றி வருவார். இது போக, மழைநீர் சேகரிப்புக் குழிக்குக் குறித்திருந்த இடத்தில்தான் நீங்கள் இரண்டாவது குழியை எடுத்திருக்கிறீர்கள்.

நல்லவேளை, கான்கிரீட் விழவில்லை. ஓரத்துக் குழியை மூடிவிடுங்கள். அள்ளிப் போட்ட மண்ணை மொத்தமாகத் தள்ளாமல், அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டு திம்சு போட்டு இறுக்கச் சொல்லுங்கள். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டிய இடம், ஐப்பசி மழையில் உள்வாங்கினால் வம்பு. இரண்டாவது குழியை அப்படியே விட்டு மழைநீர்க் குழியாக ஆக்கிக்கொள்ளலாம், வெட்டுக் கூலியாவது மிச்சம். படி வடமேற்கிலேயே வரட்டும்.

இனி நான் கேட்ட இரண்டு. இவற்றுக்கு முழுச் சம்மதம், செலவும் என்னுடையது.

சமையலறை ஜன்னல் கிழக்கிலிருந்து தெற்குக்குப் போகிறது. அடுப்புக்கு நேர் எதிரே காற்று அடித்தால் தீ நிற்காது என்று அம்மா சொன்னது சரிதான். கிழக்கே விட்ட திறப்பை அடைக்கும்போது பழைய செங்கல்லில் பல் விட்டுக் கோத்துக் கட்டுங்கள். நேர் கோடாக அடைத்தால் பூச்சுக்குப் பிறகு அந்த ஜன்னலின் சட்டம் அப்படியே வெடிப்பாகத் தெரியும். தெற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். இதற்கு நீங்கள் சொன்ன 4,500 ரூபாய் சரி.

சம்பு 8 அடி நீளத்திலிருந்து 10 அடி ஆகிறது. அகலம் 6, ஆழம் 5, அதில் மாற்றம் இல்லை. ஏறக்குறைய 1,700 லிட்டர் கூடும். லாரித் தண்ணீர் வாங்கும் நாளில் அந்த அளவு உதவும். கூடுதல் நீளத்தைத் தெற்கே எடுங்கள், கிழக்கே காம்பவுண்டு அஸ்திவாரத்தை நெருங்க வேண்டாம். 18,000 என்றீர்கள். வெட்டு, கட்டு, உள்பூச்சு எவ்வளவு என்று பிரித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பார்த்து ஒத்துக்கொண்ட பிறகு வெட்டலாம்.

சிமெண்டு ஷெட்டில் ஆணியில் தொங்கும் பிளானை எடுத்து என்னிடம் கொடுத்துவிடுங்கள். அதில் பென்சிலில் அடித்ததும் திருத்தியதுமாக எது பிளான், எது யோசனை என்று பிரிக்க முடியவில்லை. தூணைச் சுற்றி யாரோ கேள்விக்குறி வேறு போட்டிருக்கிறார்கள். இன்ஜினியர் மேற்சொன்ன இரண்டு மாற்றத்தையும் குறித்து, 8.10.2025 தேதியும் முத்திரையும் போட்டுக் கொடுத்த படம் மூன்று பிரதி இத்துடன் இருக்கிறது. இனி இதுதான் பிளான். இதற்கு மேல் ஏதாவது மாற வேண்டுமென்றால் நானோ என் மனைவியோ கையெழுத்துப் போட்டால் மட்டும் செய்யுங்கள். மச்சினன், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் யார் வந்து சொன்னாலும் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இன்ஜினியர் சைட்டுக்கு வருகிறார். நீங்களும் மேஸ்திரியும், கம்பி கட்டுகிற தம்பியும் இருந்தால் நல்லது. இந்தக் கடிதத்தின் இரண்டாவது பிரதியில் கையெழுத்துப் போட்டு அன்றைக்குக் கொண்டு வாருங்கள். எதிலாவது உங்களுக்கு ஒப்புதல் இல்லையென்றால் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள், நின்று பேசிக்கொள்வோம். அதுவரை சமையலறைத் தெற்குச் சுவர் லிண்டலும் குழி மூடுவதும் நடக்கட்டும், ஆட்களைச் சும்மா உட்கார வைக்க வேண்டாம். வாரக் கூலி எப்போதும்போல் சனிக்கிழமை சாயங்காலம் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
செல்வம்
(வீட்டு உரிமையாளர்)

இணைப்பு: திருத்திய படம், 3 பிரதி