காலி பாட்டிலுக்குப் பத்து ரூபா

ராசுவுக்கு இருகூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல சைடர் வேலை. ரிங் ஃப்ரேம்ல அறுந்த இழைய ஒட்டிக்கிட்டே ராத்திரி பூரா நடக்கோணும், உக்காரவே முடியாது. ஷிப்ட் வாராவாரம் மாறும், மூணு வாரத்துக்கு ஒருக்கா ஃபுல் நைட், அதாவது ராத்திரி 12ல இருந்து காலைல 8 வரைக்கும்.

ராத்திரி வேல செய்யறது கூட அவனுக்குக் கஷ்டமில்ல, பகல்ல தூங்கறதுதான் கஷ்டம். மேல சிமெண்ட் ஷீட்டு, பத்து மணிக்கெல்லாம் காந்த ஆரம்பிச்சுரும், பக்கத்து வீட்ல மிக்ஸி, தெருவுல பழைய இரும்பு வாங்கற வண்டியோட மைக்கு, கண்ண மூடுனா காதுக்குள்ள ஃப்ரேம் ஓடற சத்தம் வேற. கூட வேல செய்யற அண்ணன் ஒருத்தர்தான் சொன்னாரு, "ஒரு கட்டிங் போட்டுட்டுப் படு ராசு, சாயங்காலம் வரைக்கும் ஏந்திரிக்க மாட்ட". அவரு சொன்னது பாதி நெசம். படுத்ததும் தூக்கம் வந்துருச்சு.

கடை மதியம் 12க்குத்தான் திறப்பாங்க, ராத்திரி 10க்கு மூடிருவாங்க. ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரத்துக்குக் கிடைக்காது, அதனால வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே ஒரு குவாட்டர் வாங்கி வீட்ல அரிசி டின்னுக்குப் பின்னாடி வெச்சுட்டுப் போவான். ஒரு குவாட்டர் ரெண்டு காலைக்கு வந்துச்சு. அப்புறம் எப்பன்னு தெரியல, ஒரு காலைக்கே பத்தாம போச்சு.

தூக்கமும் முன்ன மாதிரி இல்ல. ஒம்பது மணிக்குப் படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி கெடப்பான், ஆனா பன்னெண்டரைக்கு முழிப்பு வந்துரும். வாய் வறண்டு, சட்டையெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். ஒண்ணுக்குப் போய்ட்டு வந்து படுத்தா அதுக்கப்புறம் பொரண்டு பொரண்டு படுக்கறதுதான். வெயில்னால அப்படின்னு நெனச்சுக்கிட்டான். ஐப்பசி மழைலயும் அதே பன்னெண்டரைக்குத்தான் முழிச்சான், அப்பவும் பழி தூக்கத்து மேலதான் போச்சே தவிர பாட்டில் மேல போகல.

சரசு ஒண்ணும் பெருசா சண்ட போடல. கோயமுத்தூர்ப் பக்கம் கடைல பாட்டிலுக்குப் பத்து ரூபா சேத்தி வாங்கிக்கிட்டு காலி பாட்டிலக் குடுத்தா திருப்பித் தர்றாங்கல்ல, அதனால அவ எல்லாத்தையும் ஒரு உரச் சாக்குல போட்டு வெச்சிருந்தா. பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கோணும்னு ஒருநாள் சாக்கத் தூக்கி அவன் வண்டி முன்னாடி வெச்சுட்டா.

"ஏனுங்க, இத நீங்களே கொண்டு போய்க் குடுத்துருங்க. நான் போயி அங்க நிக்க முடியுமா?"

கடைக்காரரு ஸ்டிக்கர் பாத்துப் பாத்து எண்ணுனாரு. பின்னாடி நின்னவன் "என்னங்ணா, மொத்த வியாபாரமா"ன்னு கேட்டதுக்கு ராசுவும் சிரிச்சான். கைல நானூறு ரூபா வந்துச்சு.

அந்தக் காசுலயே ஒரு குவாட்டர் வாங்கி இடுப்புல சொருவிட்டு வண்டிய எடுத்தான், ரயில்வே கேட்டு போட்டிருந்தாங்க. கூட்ஸ் வண்டி பொட்டி பொட்டியா போய்ட்டே இருந்துச்சு, சும்மா நின்னவன் மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுது. நானூறுன்னா நாப்பது பாட்டில். சரசு சாக்கு கட்டுனது ஆடி நோம்பிக்கு அப்புறம், ரெண்டு மாசம் இருக்கும். ரெண்டு மாசத்துல நைட் வாரம் மூணுதான் வரும், வாரத்துக்கு ஆறு நாளு. பதினெட்டுத்தான வரோணும்.

மிச்சம் இருவத்திரெண்டு?

யாராச்சும் கூட உக்காந்து குடிச்சிருப்பாங்களான்னு யோசிச்சான். அவன் வீட்ல அவனத் தவிர யாரும் குடிச்சதில்ல. பகல் ஷிப்ட் வாரத்துல "நைட்டு பழக்கத்துக்குத் தூக்கம் வரல"ன்னு போட்டது, அரை நைட் வாரத்துல "நாளைக்கு லீவுதான"ன்னு போட்டது, மாமியார் ஊருக்குப் போன அன்னைக்குப் பைல எடுத்துட்டுப் போனது, அக்டோபர் 2 கடை லீவுன்னு மொத நாளே ரெண்டா வாங்கி வெச்சது. கேட்டு தொறந்து பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சான்.

அந்த ராத்திரி குடிக்காமப் பாத்தான். தூக்கமே வரல. மறுநாள் பகல் ஷிப்ட்ல அறுந்த இழையப் புடிக்கறப்ப விரல் நடுங்குது, ஒட்டுனா நிக்கல, மேஸ்திரி ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டாரு. சாயங்காலம் போட்டான், நடுக்கம் நின்னு போச்சு. பயம் வந்தது அப்பத்தான்.

வாரலீவுக்கு சிங்காநல்லூர் ஈஎஸ்ஐக்குப் போனான். சரசுவையும் கூட்டிட்டுத்தான் போனான், அவ வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா. தூக்கம் வரலைன்னுதான் சொல்ல ஆரம்பிச்சான், டாக்டரம்மா எழுதிக்கிட்டே கேட்டாங்க.

"குடிப்பீங்களா?"

"ம்ம். நைட் ஷிப்ட்டுக்குத்தானுங்க..."

சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அவங்க நிமிந்து பாத்தாங்க.

"இல்லீங்க மேடம். எல்லா ஷிப்ட்டுக்கும்தான்."

"திடீர்னு நீங்களா நிறுத்திராதீங்க, மருந்தோடதான் நிறுத்தோணும். எவ்வளவு குடிக்கறீங்க, தோராயமா சொல்லுங்க."

"தோராயமெல்லாம் இல்லீங்க, பாட்டில எண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்."