சனிக்கிழமைப் பந்து: மூன்றாம் வார மடல்

வணக்கம் மக்களே!

போன சனிக்கிழமை நம்ம ஃபுட்பால் லீக் ஆட்டத்துக்குத் தண்டையார்பேட்டை டர்ஃபுக்கு வராதவர்கள் இரண்டு நாளாக எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அது கோலா, இல்லையா?" அதை முதலில் முடித்துவிடுவோம்.

மஞ்சளும் நீலமும் 2-2. முடிய மூன்று நிமிடம். மஞ்சள் அணியின் கோலி நம்ம கேண்டீன் அண்ணன். இந்த லீக் வருவதற்கு முன் பந்தையே தொடாதவர், "நிக்கிறதுக்கு ஆள் வேணும்னா நான் நிக்கிறேன்" என்று சொல்லி கிளவுஸ் மாட்டியவர். அவர் அணியின் டிஃபென்ஸ் ஆள் ஒருவர் காலால் பந்தைப் பின்னால் தட்டிவிட, அண்ணன் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். விசில்! தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கோலி கையில் எடுக்கக்கூடாது. 1992இல் வந்த விதி இது. தலையாலோ நெஞ்சாலோ கொடுத்தால் எடுக்கலாம்.

அதற்குத் தண்டனை இன்டைரக்ட் ஃப்ரீ கிக். அடித்தது டெஸ்பாட்ச் தம்பி. வியாசர்பாடிப் பையன், அவன் காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பந்து விர்ரென்று வந்தது. அண்ணன் பாய்ந்து தடுப்பார் என்று பார்த்தால், "ஐயோ" என்று ஒதுங்கி வழிவிட்டார். பந்து வலையில். நீலம் முழுக்க ஆட்டம் போட்டது, யாரோ டீ கேன்மேல் ஏறி நின்றார்கள்.

ரெஃப்ரி கோல் இல்லை என்றார். இன்டைரக்டில் அடித்தவரைத் தவிர இன்னொருவர் மேல் பட்ட பிறகு போனால்தான் கோல். யார்மீதும் படாமல் நேராக உள்ளே போனால் கோல் கிடையாது, கோல் கிக்தான். அண்ணன் விரல் நுனி பட்டிருந்தால்கூட மஞ்சள் தோற்றிருக்கும்! "தெரிஞ்சேதான் விட்டேன்" என்று இப்போது கேண்டீனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம்பாதவர்களுக்குச் சாம்பாரில் காய் குறைகிறதாம்.

இன்னொரு ஆட்டத்தில் சிவப்பு 4, பச்சை 1. புள்ளிகள்: சிவப்பு 7, மஞ்சள் 4, நீலம் 3, பச்சை 1. பச்சை மனம் தளர வேண்டாம், முதல் சுற்றுதான் முடிந்திருக்கிறது.

சிவப்புக்கு ஒரு வார்த்தை. நன்றாக ஆடினீர்கள், சரி. ஆனால் பர்ச்சேஸ் அக்காவைக் கடைசி நான்கு நிமிடம்தான் இறக்கினீர்கள். பத்து பத்து நிமிடமாக நான்கு பகுதி, பெயர் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பகுதியாவது ஆட்டம் என்று முதல் நாளே பேசித்தானே ஆரம்பித்தோம். 3-0 என்று முன்னால் இருக்கும்போதும் ஆளை மாற்ற மனம் வரவில்லையென்றால் எப்போதுதான் வரும்? கேப்டனிடம் பேசிவிட்டோம், அவரும் அக்காவிடம் மன்னிப்பு கேட்டுவிட்டார். இனி ஒவ்வொரு பகுதிக்கும் யார் யார் என்ற தாளை ஆட்டத்துக்கு முன்பே ஸ்கோர் எழுதுபவரிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்கோர் எழுதுபவர் என்றால் முட்டிவலிக்கார செக்யூரிட்டி அண்ணன்தான். ஓட முடியாவிட்டாலும் இந்த லீக்கை நடத்துவதே அவர் நோட்டு. இரண்டாவது ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் அவரிடமே சொல்லுங்கள்.

புதிதாக ஆடுபவர்களுக்குப் புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பின்பக்க ஷெட் அருகே அரைமணி நேரப் பயிற்சி உண்டு. டெஸ்பாட்ச் தம்பிதான் சொல்லித் தருகிறான், பொறுமைசாலி. போன வாரம் பாஸ் மட்டும் பார்த்தோம்: கால் நுனியால் குத்தாமல் உட்பக்கத்தால் தட்டுவது, நிற்கும் காலைப் பந்துக்குப் பக்கத்தில் வைப்பது. அக்கவுண்ட்ஸிலிருந்து வந்த மூன்று பேரும் அரைமணியில் நேராகத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சல்வாரோடு வந்தாலும் பரவாயில்லை, செருப்போடு மட்டும் வேண்டாம். டர்ஃபில் இரும்பு ஸ்டட்ஸும் கூடாது, கேன்வாஸ் ஷூ போதும்.

நைட் ஷிஃப்ட் நண்பர்கள் தூக்கம் கெடுகிறது என்று சொன்னது நியாயம். அதனால் வரும் சனிக்கிழமை முதல் ஆட்டத்தை 4.30க்குப் பதில் 5 மணிக்கு வைத்திருக்கிறோம்:

5.00 சிவப்பு – மஞ்சள்
6.00 பச்சை – நீலம்

எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வரிசையில் மாட்டிக்கொண்டு பாதி ஆட்டத்துக்கு வருவதைவிட, தேரடியில் மெட்ரோ ஏறித் தண்டையார்பேட்டையில் இறங்குவது மேல். தண்ணீர் பாட்டில் அவரவர் கொண்டுவாருங்கள். ஆட்டம் முடிந்து அத்தோ சாப்பிடப் போகிறவர்கள் பச்சை அணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வாரச் செலவு சிவப்புடையது, கேப்டன் ஒத்துக்கொண்டுவிட்டார்.

– லீக் கமிட்டிக்காக, ஸ்டோர்ஸ் பிரிவிலிருந்து
(பச்சை அணி, மூன்று ஆட்டம், நான் அடித்தது பூஜ்யம் கோல்)