மே 1 முதல் அப்பளம் விலை மாற்றம்: நம் ஏஜென்ட்களுக்கு ஒரு கடிதம்

ரங்கூன்
3 பிப்ரவரி 2025

பெகு, தட்டோன், மோல்மேன், பிரோம், மாந்தளை ஊர்களில் நம் அப்பளத்தை எடுத்து விற்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வரும் மே 1, வியாழக்கிழமை முதல் நம் அப்பளத்தின் விலை ஏறுகிறது. உங்களுக்கு நாங்கள் போடும் விலை இப்படி மாறும்:

200 கிராம் பாக்கெட்: 1,800 கியாட்டிலிருந்து 2,050 கியாட்
100 கிராம் பாக்கெட்: 950 கியாட்டிலிருந்து 1,080 கியாட்
பிரியாணிக் கடைகளுக்குப் போகும் உதிரி, விசைக்கு: 13,400 கியாட்டிலிருந்து 15,200 கியாட்

ஏறக்குறைய 14 சதவீதம். சின்ன ஏற்றம் என்று சொல்ல மாட்டேன். 2023 செப்டம்பருக்குப் பிறகு இப்போதுதான் விலையைத் தொடுகிறோம் என்பது உங்கள் பில் புத்தகத்திலேயே இருக்கும்.

காரணம் முதலில் உளுந்து. நம் நாட்டில் விளைகிற உளுந்துக்கு நாமே ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று போன மாதம் மோல்மேன் அக்கா போனில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உளுந்து விளைவது இங்கே என்றாலும் விலை பேசுவது இந்தியா. 2021இல் போட்ட ஒப்பந்தப்படி இங்கிருந்து ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து எடுத்துக்கொள்வதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அது 2025-26 வரை நடக்கும். அதனால் சென்னையிலும் மும்பையிலும் காலையில் என்ன விலை பேசினார்களோ அதைப் பொறுத்துத்தான் பேயின்னவுங் சந்தையில் அன்றைக்கு மூட்டைக்கு விலை சொல்கிறார்கள். ஏற்றுமதிக்காரர் டாலரைக் கணக்குப் போட்டு வாங்குகிறார். நாங்கள் கியாட்டில் வாங்கி கியாட்டில் விற்கிறோம். அதே மூட்டைக்கு அவரோடு போட்டி போட்டால் யார் மூச்சு வாங்குவது என்று சொல்லவே வேண்டாம்.

புது உளுந்து இப்போதுதானே வரப்போகிறது, விலை இறங்குமே, கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் போன வருஷம் பொறுத்தேன். அறுவடை நேரத்தில் சில வாரம் இறங்கத்தான் செய்தது. ஆனால் நாங்கள் ஆறு மாதத்துக்கான சரக்கை வாங்கக் கையில் காசு சேர்ப்பதற்குள் மறுபடி ஏறிவிட்டது. இந்த வருஷம் இறங்கினால் அந்த லாபம் உங்களுக்கும் வர வேண்டும் என்பதற்காகக் கீழே ஒரு வாக்குறுதி எழுதியிருக்கிறேன்.

அடுத்தது கரண்ட். வெயில் காலத்தில் நமக்குச் சூரியன்தான் அடுப்பு. முற்றத்தில் பாய் விரித்து, இரண்டு மணி நேரத்தில் அப்பளம் விளிம்பு லேசாகச் சுருண்டதும் எடுத்துவிடலாம். மழை பிடித்துவிட்டால் ஐந்து மாதம் எல்லாமே டிரையரில்தான். கரண்ட் போகிற நேரம் அதிகம் என்பதால் டிரையர் ஓடுவது ஜெனரேட்டரில். பாதியில் நிறுத்தினால் அந்த ஈடு முழுவதும் புள்ளி பூத்துக் கெட்டுவிடும், எனவே டீசல் என்ன விலை விற்றாலும் ஊற்றித்தான் ஆக வேண்டும். மழை தொடங்குவதற்கு முன் மே மாதத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம்.

கூலியும் கூடியிருக்கிறது. 4,800 கியாட்டாக இருந்த ஒரு நாள் குறைந்தபட்சக் கூலியோடு 2023 அக்டோபரில் ஆயிரம், 2024 ஆகஸ்டில் இன்னோர் ஆயிரம் படி சேர்ந்து 6,800 ஆகிவிட்டது. இதில் எனக்கு முணுமுணுப்பு இல்லை. நம்மிடம் தேய்க்கிற பெண்கள் அரிசி வாங்குகிற விலையை நானும்தான் பார்க்கிறேன். பிளாஸ்டிக் உறை தாய்லாந்துச் சரக்கு, லாரி கேட் வரை ஏற்றுக்கூலி, இவை சின்னச் சின்னதாகச் சேர்ந்தவை.

ஒரு 200 கிராம் பாக்கெட்டுக்குப் போன தடவை விலை வைத்த நாளிலிருந்து இன்றுவரை அடக்கம் எவ்வளவு கூடியது என்று கணக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தேன். உளுந்தில் 150, கரண்டும் டீசலும் 75, கூலி 60, உறை 45, ஏற்றுக்கூலி 25. ஆக 355 கியாட். உங்களிடம் கேட்பது 250. மிச்சம் 105ஐ நாங்கள் தாங்குகிறோம். கணக்கைப் பார்க்க விரும்புகிறவர்கள் ரங்கூன் வரும்போது தாராளமாகப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

விலையை ஏற்றாமல் வேறு வழி உண்டா என்றும் பார்த்தோம். 50 அப்பளத்தை 45 ஆக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கடைக்காரர் எண்ண மாட்டார், ஆனால் கல்யாண வீட்டில் பந்தி போடுகிறவர் கட்டாயம் எண்ணுவார். அப்புறம் அக்டோபரில் உளுந்து மாவோடு அரிசி மாவைக் கொஞ்சம் கலந்து ஓர் ஈடு போட்டுப் பார்த்தோம். பச்சையாகப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. எண்ணெயில் போட்டதும் பொங்காமல் நடுவில் சிவந்து, ஓரம் தகடு மாதிரி நின்றது. 30 வருஷமாக நம்மிடம் மாவு இடிக்கிற பெரியம்மா ஒரு துண்டைக் கடித்தார், ஒன்றும் சொல்லாமல் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சரி, இனி உங்களுக்கு வேண்டிய விவரம்.

இந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து மே 1 வரை 87 நாள் இருக்கிறது. நமக்குள் உள்ள ஒப்பந்தப்படி 30 நாள் முன்னால் சொன்னால் போதும். ஆனால் 2022இல் நாங்கள் செய்த தவறை நான் மறக்கவில்லை. அப்போது கியாட் மதிப்பு விழுந்த பதற்றத்தில் ஒன்பதே நாள் அவகாசம் கொடுத்தோம். தட்டோன் அண்ணன் அடுத்த வாரமே தன் சிட்டையைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்தார். நாற்பதுக்கு மேற்பட்ட கடைகளுக்கு அவர் பழைய விலையில் ஒப்புக்கொண்டு, சில பேரிடம் முன்பணமும் வாங்கியிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் நஷ்டத்தை எழுதிக் காட்டினார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. அந்தச் சிட்டையை நினைத்துத்தான் இந்த முறை திஞ்ஜான் விற்பனை, சித்திரை வருஷப்பிறப்பு எல்லாம் பழைய விலையிலேயே முடியட்டும் என்று தேதியைத் தள்ளி வைத்தோம்.

ஏப்ரல் 30, புதன்கிழமை மாலை 5 மணிக்குள் வைபரிலோ போனிலோ நீங்கள் சொன்ன ஆர்டர் பழைய விலையில் வரும். ஆர்டர் சொன்ன நாள்தான் கணக்கு, லாரி கிளம்பிய நாள் அல்ல. திஞ்ஜான் விடுமுறையாலோ பாதையில் ஏதும் தடையாலோ சரக்கு மே மாதத்தில் வந்து சேர்ந்தாலும் பில் பழைய விலையில்தான் இருக்கும். ரோடு நிலைமை நம் கையில் இல்லை, அதற்கு உங்கள் தலையில் செலவு ஏற்றுவது முறையல்ல.

ஒரே ஒரு வரம்பு வைக்கிறேன். கடந்த ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை மாதம் சராசரியாக எவ்வளவு எடுத்தீர்களோ அதைப் போல ஒன்றரை மடங்கு வரை மாதந்தோறும் பழைய விலையில் எடுக்கலாம். அதற்கு மேல் கேட்டால் தர முடியாது, கோபிக்க வேண்டாம். எங்கள் கொள்ளளவு ஒரு காரணம். இன்னொன்று, நான்கு மாதச் சரக்கைக் குடோனில் அடுக்கி வைத்து ஜூன் மழையைச் சந்தித்தால் அப்பளம் நமத்துப் பூஞ்சை பிடிக்கும். லாபம் பார்க்கப் போய்க் கடையில் பெயர் கெடும்.

கடை விற்பனை விலை 200 கிராம் பாக்கெட்டுக்கு 2,200லிருந்து 2,500 ஆகும். உங்களுக்கும் கடைக்காரருக்கும் இடையே இப்போது 400 கியாட் நிற்கிறது, இனி 450. சதவீதமாகப் பார்த்தால் முன்போல 18தான், அதைக் குறைக்கவில்லை. புது விலை அச்சிட்ட உறை மே 1க்குப் பிறகுதான் வெளியே வரும். பழைய விலை போட்ட பாக்கெட் கையிருப்பில் இருந்தால் தயவுசெய்து மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்க வேண்டாம். முன்னே ஓர் ஊரில் அப்படி நடந்து, வாங்கியவர் கடையிலேயே ஸ்டிக்கரை உரித்துக் காட்டிச் சண்டை போட்ட கதை உங்களுக்கும் தெரியும்.

விலை ஏறினால் சரக்கில் முடங்கும் பணமும் ஏறும். அதனால் மே, ஜூன், ஜூலை பில்களுக்கு 21 நாள் தவணையை 30 நாளாக நீட்டுகிறோம். கேபிஇசட் பே மூலமோ வங்கி மூலமோ வழக்கம்போல் கட்டலாம். மழையில் நமத்த பாக்கெட்டை மாற்றித் தருவதும் பழையபடியே.

மேலே சொன்ன வாக்குறுதி இது: அக்டோபர் 31 வரை மறுபடி விலையைத் தொட மாட்டோம், உளுந்து எவ்வளவு ஏறினாலும் சரி. அக்டோபர் கடைசியில், மார்ச் முதல் செப்டம்பர் வரை நாங்கள் உளுந்து வாங்கிய சராசரி விலையைப் பார்ப்போம். அது இந்த ஜனவரியில் வாங்கிய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், நவம்பர் 1 முதல் 200 கிராம் பாக்கெட்டுக்கு 60 கியாட் குறைப்போம், மற்றவற்றுக்கும் அதே விகிதத்தில். வாங்கிய பில்களின் நகலை வைபர் குரூப்பில் போடுகிறேன்.

கடைகளில் காட்ட பர்மியிலும் தமிழிலும் ஒரு பக்க அறிவிப்பு இத்துடன் வருகிறது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்தே கடைக்காரர்களுக்குச் சொல்லத் தொடங்கினால் நல்லது. எப்படிச் சொல்வது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இந்த ஏற்பாட்டில் ஏதாவது உங்கள் ஊருக்கு ஒத்துவராது என்று தோன்றினால் பிப்ரவரி 28க்குள் சொல்லுங்கள். குறிப்பாக உதிரி விற்பனை அதிகமுள்ள மாந்தளையில் பிரியாணிக் கடைகளோடு வருஷ ஒப்பந்தம் இருப்பது எனக்குத் தெரியும், அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். விலையில் பெரிய மாற்றம் செய்ய இடமில்லை. தவணை, அளவு, தேதி விஷயத்தில் இடமுண்டு.

மார்ச் முதல் வாரம் பெகு, தட்டோன், மோல்மேன் பக்கம் நானே வருகிறேன். பாதை சரியாக இருந்தால் 4ஆம் தேதி பெகுவிலிருந்து தொடங்குவேன். பிரோமுக்கும் மாந்தளைக்கும் தம்பி வருவான். தட்டோன் அண்ணன் அந்தச் சிட்டையை எடுத்து வைத்திருந்தால் இந்த முறை நானும் ஒரு பென்சில் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
நிர்வாகப் பங்குதாரர்
அப்பளத் தொழிற்சாலை, ரங்கூன்

பின்குறிப்பு: திஞ்ஜானுக்கு ஏப்ரல் 12 மாலை கேட்டுக்குக் கடைசி லாரி போகும். அதில் வர வேண்டிய சரக்கை 5ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள்.