கிடங்கு 7

மஞ்சள் கிடங்கில் வாட்ச்மேனாகச் சேர்ந்த புதிதில் பழனிச்சாமியைப் படுத்தியது தூக்கம் இல்லை, அமைதி. பள்ளிபாளையத்தில் முப்பது வருடம் தறி ஓட்டியவர். ராத்திரி வேலை என்றால் அவருக்கு 'டக்கடி டக்கடி' என்று தறி அடிக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரிடம் டீ வேண்டுமா என்பதைக்கூடச் சைகையில்தான் கேட்க வேண்டும். முழங்கால் மக்கர் செய்த பிறகு, காவிரியைத் தாண்டி கருங்கல்பாளையத்தில் இந்த வேலை கிடைத்தது. ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை. ஒரு பக்கம் விரலி மூட்டை, ஒரு பக்கம் கிழங்கு மூட்டை. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

ஏஜென்சிக்காரர்கள் சொன்ன கட்டளை ஒன்றுதான். விடிகாலை நாலு மணிக்கு ஷட்டர் பூட்டைப் படம் எடுத்து, 'கிடங்கு 7 ஓகே' என்று ஆபீஸ் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நாலேகாலைத் தாண்டினால் அரை நாள் சம்பளம் போச்சு. "அந்த நேரத்துலதான்யா எல்லாரும் அசருவாங்க" என்றார் சூப்பர்வைசர். மருமகள் தமிழில் டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். 'ங்' எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆனது.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். அவ்வளவுதான்.

ஐப்பசியில் அங்கே ஆள் மாறியிருக்க வேண்டும். கட்டைவிரலுக்குப் பதிலாக 'சரிங்க' வந்தது. பழனிச்சாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த 'ங்க' ஒன்று போதும், நம்ம பக்கத்து ஆள்தான். ஆணா பெண்ணா, சின்ன வயதா பெரிய வயதா, ஒன்றும் தெரியாது. படம் இருக்கவேண்டிய இடத்தில் ஏஜென்சியின் முத்திரை இருந்தது.

ஒருநாள் நல்ல மழை. தகரக் கூரை மேற்கு மூலையில் ஒழுகியது. மஞ்சளில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துவிடும். தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. நாலு மணிக்கு, 'கிடங்கு 7 ஓகே. மழை. ஒழுகுது. தார்ப்பாய் போட்டாச்சு' என்று அனுப்பினார்.

'சரிங்க. நனையாம பார்த்துக்குங்க.'

மூட்டை நனையாமலா, தான் நனையாமலா? கேட்கலாம் என்று நினைத்தார். கேட்கவில்லை.

அதிலிருந்து 'ஓகே'வுக்குப் பின்னால் ஒரு வார்த்தை சேர்ந்துகொண்டது. 'பனி.' 'கரண்ட் இல்லை.' 'நாய் குட்டி போட்டிருக்கு, அஞ்சு.' அந்தப் பக்கமிருந்தும் ஒன்று வரும். 'சரிங்க. இங்க கொசு.' 'சரிங்க. டீக்கடை இன்னும் திறக்கலை.' அதற்கு மேல் இருவரும் போகவில்லை. மூன்றரைக்கு ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறும் சத்தம் கேட்டாலே, இன்றைக்கு என்ன வார்த்தை என்று பழனிச்சாமி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். வீட்டில் இதைச் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மாசியில் புதுமஞ்சள் வரத்து தொடங்கியபோது ஆப் வந்தது. கட்டைவிரலை வைத்தால் பச்சை டிக் விழும், மெசேஜ் எல்லாம் வேண்டாம் என்று சூப்பர்வைசரே போனில் ஏற்றிக் கொடுத்தார். நூல் அறுத்து அறுத்து ரேகை தேய்ந்த விரல், மேலே மஞ்சள் தூள் வேறு. வேட்டியில் துடைத்துத் துடைத்து நாலாவது தடவைதான் டிக் விழும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. பத்து நொடியில் வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் எட்டு மணி வரை நாற்காலி.

பழைய நம்பருக்கு ஒருநாள் 'பனி' என்று அனுப்பிப் பார்த்தார். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது.

ஒன்பதாம் நாள் நாலு ஆறுக்குப் போன் அதிர்ந்தது. அறிவிப்பு குரூப். யூனிஃபார்முக்குப் பிடித்தம், சம்பளம் இரண்டு நாள் தாமதம், இப்படித்தான் அதில் வரும். சலிப்போடு திறந்தார்.

'இங்க பனிங்க.'

பதில் அடிக்க இடம் தேடினார். அட்மின் மட்டுமே அனுப்ப முடியும் என்று இருந்தது. திரையைத் தடவியபடி இருந்த விரல் அந்த வரியிலேயே அழுந்தி நிற்க, குட்டிக் குட்டிப் படங்கள் வரிசையாக எழும்பின. கட்டைவிரலைத் தொட்டார்.

வரிக்குக் கீழே போய் அது ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் 9 என்று இருந்தது.

இவருக்கு முன்னாலேயே எட்டுப் பேர். முதலில் சுருக்கென்றது, நமக்கு மட்டும் இல்லையா? கிடங்கு 7 என்றால் ஆறு கிடங்காவது இருக்குமே, அங்கெல்லாம் ஆள் இருக்குமே என்று இத்தனை மாதத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்தானது. பதினொன்று. நாற்காலியை விளக்கடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினாலு.

யாரோ ஒருவர் மட்டும் குடைப் படம் போட்டிருந்தார்.

"பனிக்கு எதுக்குய்யா குடை?" என்று பழனிச்சாமி சத்தமாகவே கேட்டார். நாய்க்குட்டி ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.